முத்ரா லோன் சாங்ஷன் லெட்டர் வந்தாச்சு, இப்ப ஜிஎஸ்டி கட்டச் சொல்லுகான். உள்ளதுதானா?

மலையோரத்தான்

எனக்க மச்சினனுக்காகக் கேக்கேன். குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் ரப்பர் வெட்டுகான். சொந்த மரம் கொஞ்சம், பாட்டத்துக்கு எடுத்தது கொஞ்சம். ஷீட் அடிக்க அடுத்த வீட்டு மெஷினுக்குப் போய்க் காத்துக் கிடக்கணும். அதனால சொந்தமா ஒரு ரோலர் செட்டும் சின்னதா ஒரு புகைப்புரையும் போடணும்னு நிக்கான். பழைய பைக் லோன் ஒண்ணு பாக்கி கிடக்கதால ஊர் பேங்க்ல கையை விரிச்சிட்டாங்க.

அப்பத்தான் ஃபேஸ்புக்ல ஒரு விளம்பரம் பாத்திருக்கான். பிரதமர் படம் போட்டு, முத்ரா லோன், சிபில் பாக்க மாட்டோம், வட்டி 2 சதவீதம், 40 சதவீதம் மானியம். நம்பரைத் தட்டினா நேரா வாட்ஸ்அப்புக்குப் போச்சு. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், ஒரு ஃபோட்டோ, எல்லாம் அனுப்பியிருக்கான். அன்னைக்கே 3,00,000 ரூபாய்க்கு சாங்ஷன் லெட்டர் வந்தாச்சு.

முதல்ல ஃபைல் சார்ஜ் 2,150 கேட்டான், கட்டினான். மறுநாள் லோன் இன்சூரன்ஸ் 7,500, லோனோட சேர்த்துத் திரும்ப வரும்னு சொன்னான், அதையும் கட்டினான். இப்ப ஜிஎஸ்டியாம். மூணு லட்சத்துக்கு 18 சதவீதம் 54,000, அதுல பாதி கம்பெனி கட்டுமாம், மீதி 27,000 இவன் கட்டணுமாம். இல்லன்னா ஃபைல் கேன்சல், கட்டின பைசாவும் போயிரும், கேன்சலேஷன் சார்ஜும் வரும்னு சொல்லுகான். அவனுக்க பெஞ்சாதி வளையலை அடகு வைக்கலாம்னு நிக்கா. எனக்கு என்னமோ பிடிக்கல்ல. ஆனா லோனுக்கு ஜிஎஸ்டி உண்டுன்னு பேங்க் பேப்பர்லயே நான் பாத்திருக்கேன். தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

ரியாத்_குமரி

அண்ணே, உடனே அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணச் சொல்லுங்க. காண்டாக்ட்ஸ், கேலரி பெர்மிஷன் எல்லாம் கொடுத்திருப்பான். இங்க எங்க ரூம்ல ஒருத்தன் 5,000 வாங்கி, ஃபோட்டோவை மார்ஃப் பண்ணி சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிட்டானுவ.

மலையோரத்தான்

ஆப் எதுவும் இல்ல தம்பி. வாட்ஸ்அப் மட்டும்தான். லோன் இன்னும் ஒரு பைசா கைக்கு வரல்ல, அதுதான் பிரச்சனையே.

கொளச்சல்காரன்

எல்லாத்தையும் ஃப்ராடுன்னு சொல்லிர முடியாது. என் அண்ணன் வீட்டு லோனுக்குப் போனப்ப லாகின் ஃபீஸ்னு முன்னாடியே வாங்கினாங்க, லோன் அப்புறம்தான் வந்துது. பெரிய கம்பெனிதான். இதுல ஒரு வழி இருக்கு. அவன்கிட்ட ஜிஎஸ்டியை லோன் பணத்துல கழிச்சிட்டு மீதியைப் போடுன்னு சொல்லச் சொல்லுங்க. நெசமா பணம் வச்சிருக்கவன்னா கழிச்சிக்கிடுவான். பொய்னா மாட்டேன்னுவான். அதுலயே தெரிஞ்சிரும்.

தக்கலை டீச்சர்

எங்களுக்கும் வீட்டு லோனுக்கு முன்னாடியே பணம் கட்டினோம். வக்கீல் பத்திரம் பார்க்க ஒரு தொகை, இன்ஜினியர் வந்து மதிப்பு போட ஒரு தொகை. இரண்டும் லோன் கிடைக்கும் முன்பே. பட்டாவில் சர்வே எண் உட்பிரிவு மாறியிருந்ததால் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்தோம், அது தனிக்கதை. அதுசரி, முத்ரா லோன் தையல் கடைக்குக் கிடைக்குமா? என் நாத்தனார் கேட்கிறாள்.

பழைய லெட்ஜர்

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கிளை மேலாளராக இருந்தபோது முத்ரா மனுக்கள் நிறைய கையாண்டிருக்கிறேன்.

மலையோரத்தான் தம்பி, முதலில் ஒரு வார்த்தை. வளையலை அடகு வைக்க வேண்டாம். 27,000-இல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. இது மோசடி. இனி காரணத்தைச் சொல்கிறேன்.

முத்ரா என்ற நிறுவனம் தனிமனிதருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதே கிடையாது. கடன் கொடுப்பது வங்கியோ, என்பிஎஃப்சியோ, மைக்ரோ ஃபைனான்ஸோதான். முத்ரா அவர்களுக்குப் பின்னால் நின்று மறுநிதி கொடுக்கும். அதனால் "முத்ரா அலுவலகத்திலிருந்து சாங்ஷன்" என்று ஒன்று வர வழியில்லை. எந்த வங்கியின் எந்தக் கிளை என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. ஏஜெண்ட் என்று யாரையும் முத்ரா வைக்கவும் இல்லை. வட்டியை அந்தந்த வங்கிதான் முடிவு செய்யும், 2 சதவீதத்துக்கு எந்த வங்கியும் கொடுக்காது. முத்ராவில் மானியமும் கிடையாது. மானியம் வேண்டும் என்றால் அது பிஎம்இஜிபி போன்ற வேறு திட்டம், அதற்கு வழி மாவட்டத் தொழில் மையம்.

இப்போது ஜிஎஸ்டி. நீங்கள் பேங்க் பேப்பரில் பார்த்தது உண்மைதான், ஆனால் அது கடன் தொகை மேல் போடுவதல்ல. வங்கி உங்களிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தின் மேல்தான் 18 சதவீதம். மூன்று லட்சம் கடனுக்கு ஒரு வங்கி 1 சதவீதம் ப்ராசஸிங் ஃபீஸ் வாங்குகிறது என்று வையுங்கள். ஃபீஸ் 3,000, ஜிஎஸ்டி 540. அவ்வளவுதான். 54,000 என்று கணக்கு சொன்னவன் கடன் தொகைக்கே வரி போட்டிருக்கிறான். கடன் வாங்குவது வருமானமும் அல்ல, சரக்கும் அல்ல, அசலுக்கு எந்த வரியும் கிடையாது. அடுத்து டிடிஎஸ் என்பான், ரிசர்வ் வங்கி ஹோல்ட் என்பான், என்ஓசி சார்ஜ் என்பான். பட்டியல் முடியவே முடியாது.

கொளச்சல்காரன் சொன்னதில் பாதி சரி. கடனுக்கு முன்னால் பணம் வாங்கும் இடங்கள் உண்டு. வீட்டுக் கடனில் லாகின் ஃபீஸ், டீச்சர் கட்டிய லீகல் ஒப்பினியன், மதிப்பீட்டுக் கட்டணம், கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகப் பங்குத் தொகை, இதெல்லாம் நேர்மையானவை. ஆகவே முன்னால் கேட்டான் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான் பார்ப்பது வேறு மூன்று விஷயம். பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? அந்தக் கட்டணம் முதல் நாளே எழுத்தில் சொல்லப்பட்டதா, இல்லை ஒன்று கட்டின பிறகு அடுத்தது முளைக்கிறதா? கட்டினால் கடன் நிச்சயம் என்று சொல்கிறானா? லாகின் ஃபீஸ் வாங்கும் கம்பெனி, மனு தள்ளுபடியானால் அது திரும்ப வராது என்று முன்னாலேயே சொல்லிவிடும். மோசடிக்காரன்தான் திரும்பக் கிடைக்கும், கட்டாயம் கிடைக்கும் என்பான்.

உங்கள் மச்சினன் 2,150 அனுப்பியபோது யூபிஐயில் எந்தப் பெயர் காட்டியது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மலையோரத்தான்

பாத்தேன் சாரே. ரெண்டும் ரெண்டு பேரு. 2,150 போனது ஒரு ஆம்பிளைப் பேருக்கு, 7,500 போனது ஒரு பொம்பளைப் பேருக்கு. ரெண்டும் வடக்கத்திப் பேரு. இவன் கேட்டதுக்கு "எங்க கேஷியர் ஐடி"ன்னு சொல்லியிருக்கான்.

மார்த்தாண்டம் பிரவுசிங்

அந்த லெட்டரைக் கொஞ்சம் இங்க போடுங்க அண்ணாச்சி. பேரை மறைச்சிட்டுப் போடுங்க.

மலையோரத்தான்

பேரு, ஆதார் நம்பர் மறைச்சுப் போட்டிருக்கேன்.

மார்த்தாண்டம் பிரவுசிங்

நெனச்சேன். நான் பிரிண்ட் அவுட் கடை வச்சிருக்கேன், இந்த மாதிரி லெட்டரை எத்தனையோ பேருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாச்சு. சில பேரு கலர்ல எடுத்து லேமினேட்டும் பண்ணிக் கேப்பாங்க, பாவம். ஒரு அம்மா அதை சாமி படத்துக்குக் கீழ வைக்கணும்னு சொன்னாங்க.

இந்த லெட்டரைப் பெருசு பண்ணிப் பாருங்க. மேல இடது பக்கம் சிங்க முத்திரை, நடுவுல முத்ரா லோகோ, வலது பக்கம் ரிசர்வ் பேங்க் லோகோ, கீழ ஒரு பெரிய பேங்க் லோகோ. ஒரே லெட்டர்ல நாலு பேருக்க லோகோ. மூணு லட்சம்னு எழுதின இடத்துலயும் உங்க மச்சினன் பேரு இருக்க இடத்துலயும் எழுத்து கொஞ்சம் தடிப்பா, வரிக்கு மேல தூக்கி நிக்கும். மீதி எழுத்து மங்கலா இருக்கும். பழைய படத்து மேல புதுசா டைப் பண்ணி ஒட்டினா அப்படித்தான் வரும். ரப்பர் ஸ்டாம்பு பேப்பர்ல வச்சா எங்கயாவது மை பரவும், ஓரம் தேயும். இதுல வட்டம் கம்பாஸ் வச்சுப் போட்டது மாதிரி சுத்தமா இருக்கு.

இன்னொண்ணு. லோன் நம்பர்னு கீழ இருக்குல்ல? போன வாரம் அருமனைக்காரர் ஒருத்தர் கொண்டு வந்த லெட்டர் என் சிஸ்டம்ல இன்னும் கிடக்கு. அதுலயும் அதே நம்பர்தான். அவருக்கு 5 லட்சம், கோழிப் பண்ணைக்கு. பேரும் தொகையும்தான் வேற.

மலையோரத்தான்

அதே நம்பரா? இதை அவன்கிட்ட காட்டுகேன். நான் சொன்னா நம்பல்ல, பொறாமைல சொல்லுகேன்னு நெனைக்கான்.

பழைய லெட்ஜர்

அவர் கோபப்படுவார், விடுங்கள். 9,650 கட்டிய மனிதருக்கு இது பொய் என்று ஒப்புக்கொள்வது 27,000 கட்டுவதைவிடக் கஷ்டம். தொகையை அவர்கள் ஏற்றும் முறையே இதற்காகத்தான். 2,150 யாரும் யோசிக்காமல் கட்டும் தொகை. அதைக் கட்டினவன் 7,500 கட்டுவான். 9,650 போனவன் அதைக் காப்பாற்ற 27,000 கட்டப் பார்ப்பான்.

சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு ஃபோன் போடுங்கள். பணம் அனுப்பிய கணக்கு எண், தேதி, தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண், பணம் போன யூபிஐ ஐடி, இவை கையில் இருக்க வேண்டும். ஃபோன் கிடைக்காவிட்டால் cybercrime.gov.in தளத்தில் நீங்களே பதியலாம். புகார் ஏறினால் அந்தக் கேஷியரின் வங்கிக்குத் தகவல் போகும், கணக்கில் மிச்சம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். நேரம் ஆக ஆக மிச்சம் இருக்காது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், அவனை பிளாக் பண்ணும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கொளச்சல்காரன்

9,650 ரூபாய்க்கு போலீஸ் என்ன செய்யப் போவுது? அலைச்சல்தான் மிச்சம்.

பழைய லெட்ஜர்

ஒரு ஃபோன் காலுக்கு அலைச்சல் இல்லை. அருமனைக்காரர், உங்கள் மச்சினன் என்று ஒரே யூபிஐ ஐடி மேல் பல புகார் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு முடங்கும்.

மலையோரத்தான்

சாரே, ஒரு பெரிய விஷயம். நான் அங்க போறதுக்குள்ள இவன் கொளச்சல் அண்ணன் சொன்னது மாதிரி "ஜிஎஸ்டியை லோன்ல கழிச்சுக்கோ"ன்னு கேட்டிருக்கான் (நாந்தான் இந்த இழையை அவனுக்கு அனுப்பியிருந்தேன், மேல உள்ளதை மட்டும் படிச்சிருக்கான்). அவன் சரின்னு சொல்லிட்டான்! இப்ப அக்கவுண்டுல 15,000 ஏறியிருக்கு. "பார்ட் டிஸ்பர்ஸ்மென்ட்"ன்னு மெசேஜ். அதுல 14,500-ஐ ஜிஎஸ்டியா வேற ஒரு ஐடிக்கு உடனே அனுப்பணுமாம், 500 உங்களுக்கு, அனுப்பின ஒரு மணி நேரத்துல மீதி லோன் வருமாம். மச்சினன் இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கான். பைசா வந்துட்டே, இனி என்ன சொல்லுகீங்க?

கொளச்சல்காரன்

நான் சொன்னேன்ல. பணம் வந்தாச்சுன்னா அப்ப உள்ளதுதான்.

ரியாத்_குமரி

டூப்ளிகேட் எஸ்எம்எஸ்ஸா இருக்கும். பேங்க் மெசேஜ் மாதிரியே சாதா நம்பர்ல இருந்து அனுப்புவானுவ. பேலன்ஸ் பாக்கச் சொல்லுங்க அண்ணே.

மலையோரத்தான்

பாஸ்புக் பதிஞ்சாச்சு. பைசா உள்ளதுதான் தம்பி. யூபிஐ வழியா ஏறியிருக்கு. அனுப்பின பேரு ஒரு பொம்பளைப் பேரு. லோன்னோ முத்ரான்னோ ஒண்ணும் இல்ல.

பழைய லெட்ஜர்

அனுப்பக் கூடாது! 14,500 மட்டுமல்ல, அந்த 15,000-இல் ஒரு பைசாவைத் தொடக் கூடாது.

வங்கி கடன் கொடுத்தால் பாஸ்புக்கில் கடன் கணக்கு எண்ணோடு வரும். கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து கடன் வாங்குபவரின் கணக்குக்கு நேராக வர வேண்டும், நடுவில் யார் கணக்கும் வரக் கூடாது. டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-லேயே இதை விதியாகப் போட்டுவிட்டது. வேறு ஒரு பெண்மணியின் சேமிப்புக் கணக்கிலிருந்து யாரும் முத்ரா கடன் போட மாட்டார்கள்.

அப்படியென்றால் அது யாருடைய பணம்? என் கணிப்பு, வேறு ஊரில் உங்கள் மச்சினனைப் போலவே ஒரு பெண் "ஃபைல் சார்ஜ்" என்று அனுப்பிய பணம். அவரிடம் கொடுத்த கேஷியர் ஐடி உங்கள் மச்சினனுடையது. இவர் 14,500-ஐத் தள்ளிவிட்டால் அந்தப் பெண் புகார் கொடுக்கும்போது போலீஸ் முதலில் வந்து நிற்கும் கணக்கு உங்கள் மச்சினனுடையதாக இருக்கும்.

கொளச்சல்காரன்

இது கணிப்புதானே. தெரியாம யாராவது மாத்தி அனுப்பியும் இருக்கலாம்.

குழித்துறை குமாஸ்தா

இழையை இப்பத்தான் பார்த்தேன். வக்கீல் ஆபீசில் வேலை. இந்த மாதிரி கணக்கு முடங்கினவர்கள் இப்போது எங்களிடம் நிறைய வருகிறார்கள், பாதிப் பேருக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது.

லெட்ஜர் சார் சொன்னது கணிப்பாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாத்தி வந்த பணமாகவே இருக்கட்டும், அதையும் நீங்களாகத் திருப்பி அனுப்பக் கூடாது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி அழுதுகொண்டே ஃபோன் பண்ணி, தெரியாமல் அனுப்பிவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்கள் என்று சொன்னாலும் சொல்வாள். அது வேறு நம்பராக இருக்கும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கு, வங்கி மூலமாக மட்டுமே திரும்ப வேண்டும்.

நாளை காலை கிளை திறந்ததும் ஒரு கடிதம் கொடுங்கள். இன்ன தேதியில், இன்ன யூடிஆர் எண்ணில், எனக்குத் தெரியாத நபரிடமிருந்து 15,000 வந்துள்ளது, கடன் தருவதாக ஏமாற்றியவர்கள் அதை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள், நான் அனுப்பவில்லை, தொகை என் கணக்கில் அப்படியே இருக்கிறது, வந்த இடத்துக்கே திருப்ப ஆவன செய்யவும் என்று எழுதுங்கள். 1930 புகார் எண்ணையும் போடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வரக் கூடாது. வாங்க மாட்டேன் என்றால் பதிவுத் தபால்.

மலையோரத்தான்

கடிதம் கொடுத்தாச்சு, சீலும் வாங்கியாச்சு. 1930-லயும் பதிஞ்சாச்சு, நம்பர் மெசேஜ்ல வந்திருக்கு. இப்ப மச்சினனும் சிரிக்கல்ல. காரணம், அவன்கிட்ட அனுப்ப மாட்டேன்னு சொன்னதும் அந்த ஆளு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கான். கம்பெனிப் பைசாவை வச்சிட்டே, சிபிஐல கேஸ் போடுவேன்னு மிரட்டுகான். ஒரு அரெஸ்ட் வாரண்டும் வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கான்.

மார்த்தாண்டம் பிரவுசிங்

வாரண்டுலயும் நாலு லோகோ இருக்கா?

மலையோரத்தான்

மூணு.

தக்கலை டீச்சர்

ஆதாரும் பானும் அவனிடம் இருக்கிறதே, அதை வைத்து இவர் பெயரில் வேறு யாராவது கடன் எடுத்துவிட்டால்?

பழைய லெட்ஜர்

நல்ல கேள்வி டீச்சர். நகல் மட்டும் போனதால் பெரிய கடன் எடுப்பது எளிதல்ல, ஆனால் சின்னக் கடன், சிம் கார்டு இரண்டுக்கும் முயற்சி செய்வார்கள். சிபில் உட்பட ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இப்போது ஒன்று, சில மாதம் கழித்து வேறு நிறுவனத்தில் ஒன்று என்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கலாம். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பதும் நல்லது, ஆனால் ரேஷன் கடையில் ரேகை வைக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டியிருக்கும், அது தெரிந்து செய்யட்டும்.

உங்கள் நாத்தனார் தையல் கடைக்கு முத்ரா உண்டு. 50,000 வரை சிசு என்பார்கள், அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு கணக்கு இருக்கும் கிளைக்கே போகச் சொல்லுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்கும் காசு பிடுங்கும் ஆட்கள் உண்டு.

மலையோரத்தான்

சாரே, இப்ப அடுத்த குண்டு. மச்சினன் அக்கவுண்டு ஃப்ரீஸ் ஆயாச்சு. ஷீட் வித்த பைசா 8,000 அதுலதான் கிடக்கு, எடுக்க முடியல்ல. கிளைல கேட்டா வெளி மாநிலத்துல இருந்து சைபர் புகார் வந்திருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லுகாங்க. நாமதானே முதல்ல கடிதம் கொடுத்தோம்? பின்ன என்னத்துக்குக் கடிதம்?

கொளச்சல்காரன்

இதுக்குத்தான் போலீஸ் வேண்டாம்னு சொன்னேன்.

குழித்துறை குமாஸ்தா

புகார் கொடுத்ததால் முடங்கவில்லை அண்ணே. அந்தப் பெண் தன் ஊரில் புகார் கொடுத்ததால் முடங்கியிருக்கிறது. நீங்கள் கடிதம் கொடுக்காமல் இருந்திருந்தாலும் முடங்கியிருக்கும், அப்போது கையில் ஒரு காகிதமும் இருந்திருக்காது. தொகை அப்படியே கணக்கில் இருக்கிறது, முந்தின தேதியில் சீல் போட்ட கடிதம் இருக்கிறது. மோசடி செய்தவன் இப்படிச் செய்ய மாட்டான் என்பதற்கு இந்த இரண்டும்தான் சாட்சி.

இனி கிளையில் மூன்று தகவல் எழுத்தில் கேளுங்கள். புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்குப் புகார். 15,000-க்கு மட்டும் புகார் என்றால் அந்த 15,000-ஐ மட்டும் நிறுத்தி வைத்து மீதியை எடுக்க விடுங்கள் என்று கேளுங்கள். கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் இப்படித்தான் சொன்னது, புகாரில் உள்ள தொகைக்கு மேல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று. வங்கிகள் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில கிளையில் கடிதத்திலேயே முடியும், சிலருக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருக்கிறது. 8,000 ரூபாய்க்கு அங்கே ரிட் போடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன், செலவு அதைவிட ஆகும்.

புகார் பதிந்த காவல் நிலையத்துக்குக் கடிதம், சீல் போட்ட நகல், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் இமெயில் அனுப்புங்கள். 15,000-ஐத் திருப்பித் தர ஆட்சேபணை இல்லை என்று அதில் எழுதுங்கள். நாகர்கோவிலில் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் ஒரு மனு கொடுங்கள்.

பழைய லெட்ஜர்

குமாஸ்தா சார், அவர் இழந்த 9,650 பற்றியும் சொல்லுங்கள்.

குழித்துறை குமாஸ்தா

கேஷியர் கணக்கில் ஏதாவது நிறுத்தி வைத்திருந்தால்தான் பேச்சே. 1930-இல் கிடைத்தது புகார் எண், எஃப்ஐஆர் அல்ல. நிறுத்தி வைத்த தொகை இருக்கிறது என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் முன் மனு போட்டுக் கேட்கலாம், இப்போது பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 503, பழைய சட்டத்தில் 457. ஒன்றுமே நிற்கவில்லை என்றால் ஏமாற்றின ஆள் பிடிபடும் வரை காத்திருப்புதான். எனக்குத் தெரிந்து 2,150 அனுப்பின கணக்கில் மிச்சம் இருக்க வாய்ப்பு குறைவு, நாள் ஆகிவிட்டது. 7,500 சந்தேகம்.

மலையோரத்தான்

கிளை மேனேஜர் இன்னைக்குக் கொஞ்சம் இறங்கி வந்தாரு. புகார் 15,000-க்கு மட்டும்தானாம். மேல எழுதியிருக்கேன், அந்தத் தொகைக்கு மட்டும் ஹோல்ட் போட்டுக்கிடலாம்னு பதில் வந்தா மீதியைத் திறந்து விடுவேன்னு சொன்னாரு. வரட்டும். அந்த வெளி மாநில ஸ்டேஷனுக்கு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல. 9,650 புகாரைப் போய்ப் பாத்தா நடவடிக்கையில் உள்ளதுன்னே காட்டுது.

நேத்து ஒரு ஃபோன். தமிழ்லதான் பேசினான். சைபர் செல்லாம், உங்க 9,650 ரிகவரி ஆயாச்சு, ரீஃபண்ட் சார்ஜ் 1,200 அனுப்புங்கன்னு. புகார் எண் என்னன்னு மச்சினன் கேட்டிருக்கான். அவனுக்குச் சொல்லத் தெரியல்ல, பைய கட் பண்ணிட்டான்.

பழைய லெட்ஜர்

அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள். ஏமாந்தவர்கள் பட்டியலை விற்பார்கள், இன்னும் சில முறை வரும்.

கொளச்சல்காரன்

நான் இன்னும் சொல்றேன், கழிச்சிக்கோன்னு கேக்கச் சொன்னது தப்பான யோசனை இல்ல. அவன் 15,000 போடுவான்னு யாருக்குத் தெரியும்?

பழைய லெட்ஜர்

யோசனை தப்பில்லை, அவன் சரி என்றால் உண்மை என்று நீங்கள் முடிவு கட்டியதுதான் தப்பு. கழித்துக்கொண்டேன் என்று சொன்னவன் ஏன் 14,500-ஐத் திருப்பிக் கேட்டான்?

கொளச்சல்காரன்

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஊர் பேங்க் முதல்லயே அவனுக்கு ஒரு வழி சொல்லியிருந்தா ஃபேஸ்புக்குக்குப் போயிருப்பானா? அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?

பழைய லெட்ஜர்

பைக் லோன் பாக்கியை அடைத்து, கணக்கு முடிந்ததற்குச் சான்று வாங்கிக்கொண்டு போனால் திரும்பப் பார்ப்பார்கள், பார்த்தே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மலையோரத்தான் தம்பி, பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள்.

மலையோரத்தான்

11,000 சில்லறை சாரே. அந்த 9,650 கையில இருந்திருந்தா பாதிக்கு மேல அடைஞ்சிருக்கும். மெஷின் கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கோம். மழை விட்டு வெட்டு தொடங்கினா பாக்கியை அடைக்கலாம்னு சொல்லுகான். அக்கவுண்டு திறந்ததும் இங்க எழுதுகேன்.